"நீங்கதான் எங்களுக்குச் சரியான ஆள்" என்றார்கள், கடிதம் மட்டும் வரவில்லை: நேர்காணலுக்குப் பிறகு எப்படித் தொடர்புகொள்வது?

நேர்காணலின் கடைசி ஐந்து நிமிடம் நன்றாகப் போகிறது. மேனேஜர் சிரித்தபடி "எப்போ சேர முடியும்?" என்கிறார். பக்கத்தில் இருந்தவர் "உங்களை மாதிரி ஆளத்தான் தேடிட்டிருந்தோம்" என்கிறார். ஹெச்.ஆர். வாசல்வரை வந்து "சீக்கிரம் மெயில் வரும்" என்று வழியனுப்புகிறார். அதன்பின் ஒரு வாரம் ஓடிவிடுகிறது. இன்பாக்ஸில் எதுவும் இல்லை. கேட்டால் அவசரக்காரர் என்று நினைத்துவிடுவார்களோ என்று தயக்கம், கேட்காவிட்டால் வாய்ப்பு நழுவிவிடுமோ என்று பயம்.

அந்த வாரத்திலும் அதற்கடுத்த சில வாரங்களிலும் என்ன செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. முதன்முறையாக வேலை தேடுபவர்களையும் முதல் வேலையிலிருந்து மாற நினைப்பவர்களையும் மனதில் வைத்து எழுதியது.

கடிதம் எங்கே நிற்கிறது?

உங்களைப் பாராட்டியவரும் கடிதம் அனுப்பப் போகிறவரும் பெரும்பாலும் ஒரே ஆள் அல்ல. நேர்காணல் எடுத்தவர் தன் கருத்தை ஒரு படிவத்தில் எழுதுவார். குழுவில் வேறு சிலர் இருந்தால் அவர்களும் எழுத வேண்டும். பிறகு எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். அந்த முடிவு ஹெச்.ஆருக்குப் போகும். அவர் சம்பளத்தைக் கணக்கிட்டு, அந்தப் பதவிக்கு ஒதுக்கியுள்ள வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார். அடுத்து துறைத் தலைவரோ நிதிப் பிரிவோ ஒப்புதல் தர வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கடிதம் தயாராகும். சிறிய நிறுவனத்தில் இது இரண்டே பேரோடு முடிந்துவிடலாம். பெரிய நிறுவனத்தில் ஐந்தாறு பேர் கையைத் தாண்ட வேண்டியிருக்கும், ஒருவர் விடுப்பில் போனாலும் வரிசை அப்படியே நிற்கும்.

அதிகம் நிற்கும் இடங்கள் நான்கு. அடுத்த வாரம் நேர்காணலுக்கு வர வேண்டிய இன்னொருவர் இருப்பார், அவரையும் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுப்பார்கள். நீங்கள் கேட்ட சம்பளம் வரம்பைச் சற்றுத் தாண்டியிருக்கும், அதற்குத் தனி ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும். பட்ஜெட் மறுபரிசீலனையில் அந்தப் பணியிடமே நிறுத்திவைக்கப்பட்டிருக்கும். நான்காவதை வெளியே யாரும் சொல்ல மாட்டார்கள்: முதல் தேர்வு வேறொருவர், அவருக்கு ஆஃபர் போய்விட்டது, அவர் பதில் சொல்லும்வரை உங்களிடம் 'ஆம்' என்றும் சொல்ல முடியாது, 'இல்லை' என்றும் சொல்ல மனமில்லை. "இன்னும் போயிட்டிருக்கு, உங்களை நினைவில் வெச்சிருக்கோம்" என்று அன்பான பதில்கள் வரும், ஆனால் எந்தத் தேதியும் வராது என்றால் இந்த நான்காவது காரணத்தைச் சந்தேகிக்கலாம். அது கெட்ட செய்தி என்றே வைத்துக்கொள்ள வேண்டாம். முதலாமவர் மறுத்துவிட்டால் அடுத்த அழைப்பு உங்களுக்குத்தான்.

ஆகவே மௌனத்தை மட்டும் வைத்து 'பிடிக்கவில்லை' என்று முடிவு கட்டிவிட முடியாது. பாராட்டை மட்டும் வைத்து 'கிடைத்துவிட்டது' என்றும் சொல்ல முடியாது. கோப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அடுத்த கட்டம் எந்தத் தேதியில் என்ற இரண்டையும் தெரிந்துகொண்டால் போதும். நீங்கள் எழுதும் ஒவ்வொரு மெயிலும் இந்த இரண்டைக் கேட்பதாகவே இருக்கட்டும்.

அன்று மாலையே: சொன்னது என்ன, நீங்கள் எடுத்துக்கொண்டது என்ன

வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் அவர்கள் சொன்ன வார்த்தை, சொன்னவர் யார் என்பதோடு, அப்படியே. வலப்பக்கம் அதை நீங்கள் என்னவாக எடுத்துக்கொண்டீர்கள் என்பது. இடப்பக்கம் "அடுத்த வாரத்துக்குள்ள ஹெச்.ஆர். உங்ககிட்ட பேசுவாங்க" என்று இருக்கும். வலப்பக்கம் "அடுத்த வாரம் ஆஃபர் லெட்டர் வந்துவிடும்" என்று எழுதியிருப்பீர்கள். பேசுவார்கள் என்றுதான் சொன்னார்கள், கடிதம் தருவதாக யாரும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து நினைவில் தங்குவது வலப்பக்கம் மட்டும்தான். அதனால்தான் அன்றே எழுத வேண்டும்.

அடுத்து, எந்த வார்த்தைக்கு எவ்வளவு எடை என்று பாருங்கள். "நல்லா பதில் சொன்னீங்க", "டீமுக்குப் பொருத்தமா இருப்பீங்க" என்பவை கருத்துகள் மட்டுமே. "எப்போ சேர முடியும்?" என்ற கேள்வியைப் பலர் பெரிய அறிகுறியாக நினைத்துக்கொள்கிறார்கள். நோட்டீஸ் பீரியட் எவ்வளவு என்று படிவத்தில் நிரப்ப வேண்டியிருப்பதால், அதை வருகிற எல்லோரிடமும் கேட்பார்கள். அதற்கு எடை மிகக் குறைவு.

பட்டியலில் இல்லாத மேலதிகாரி ஒருவரை அந்த நேரத்திலேயே வரவழைத்து அறிமுகம் செய்தால், உங்களைக் கேள்வி கேட்பதை விட்டுவிட்டுத் தங்கள் நிறுவனத்தைப் பற்றி உங்களுக்குப் புரியவைக்கத் தொடங்கினால், முன்பு உங்களோடு வேலை செய்தவர்களின் தொடர்பு எண்ணைக் கேட்டால், எடை நடுத்தரம். ஹெச்.ஆர். ஒரு குறிப்பிட்ட சம்பளத் தொகையைச் சொல்லி "இது ஓகேவா?" என்று கேட்டாலோ, சம்பள ஸ்லிப்பும் அடையாளச் சான்றும் கேட்டாலோ, பேக்ரவுண்ட் செக் படிவம் அனுப்பினாலோ எடை அதிகம், ஏனென்றால் இவற்றுக்குப் பின்னால் ஒருவர் நேரம் ஒதுக்கிச் செய்த வேலை இருக்கிறது. இதுவும் கடிதம் ஆகிவிடாது. சில நிறுவனங்கள் இறுதிப்பட்டியலில் உள்ள இரண்டு மூன்று பேரிடமும் ஆவணங்களை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கின்றன.

சொன்னவர் யார் என்பதும் முக்கியம். நீங்கள் யாருக்குக் கீழே வேலை செய்யப் போகிறீர்களோ அவர் சொன்னதற்கு எடை கூடுதல். தொழில்நுட்பக் கேள்வி கேட்க உட்கார்ந்த சக ஊழியர் சொன்னதற்குக் குறைவு. இடைத்தரகராக வந்த ஆள்சேர்ப்பு நிறுவனத்தார் சொன்னதை, நிறுவனமே அதைச் சொல்லும்வரை வெறும் செய்தியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

24 மணி நேரத்துக்குள் முதல் மெயில்

இதை நன்றி மெயில் என்பார்கள். நன்றி அதில் ஒரு வரிதான். அவர்கள் வாயால் சொன்ன தேதியை எழுத்தில் பதிவு செய்துவைப்பதே இதன் உண்மையான பயன். அந்தத் தேதி தாண்டியதும் "நீங்கள் சொன்ன தேதி" என்று இயல்பாகத் திரும்பி வர இது இடம் கொடுக்கும். நேர்காணல் எந்த மொழியில் நடந்ததோ அதே மொழியில் எழுதுங்கள். தமிழில் இப்படி இருக்கும்:

> வணக்கம். நேற்று கணக்குப் பிரிவுப் பணிக்கான நேர்காணலுக்கு நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. மாத இறுதிக் கணக்கை முடிக்க இப்போது எட்டு நாள் ஆகிறது, அதை ஐந்தாகக் குறைக்க வேண்டும் என்று மேலாளர் சொன்னது மனதில் நிற்கிறது. அந்த வேலையில் எனக்கு ஆர்வம் உண்டு. வரும் புதன் 11ஆம் தேதிக்குள் அடுத்த கட்டம் பற்றித் தெரிவிப்பதாகச் சொன்னீர்கள், குறித்துக்கொண்டேன். அதற்குள் ஏதேனும் ஆவணம் தேவைப்பட்டால் தெரிவியுங்கள்.

பேசிய விஷயம் ஒன்றைக் குறிப்பாகச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். ஒரே வாரத்தில் பத்துப் பேரைப் பார்த்த ஹெச்.ஆருக்கு நீங்கள் யார் என்று நினைவுபடுத்துவது அந்த வரிதான். நேர்காணலில் தேதி கேட்க மறந்திருந்தால் கடைசிக்கு முந்தைய வரிக்குப் பதிலாக "அடுத்த கட்டம் என்ன, ஏறத்தாழ எப்போது தெரியவரும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்" என்று கேட்டுவிடுங்கள். கேட்பதற்கு இதைவிடத் தோதான நேரம் பிறகு கிடைக்காது.

எத்தனை நாள் காத்திருப்பது?

தேதி சொல்லியிருந்தால் அந்தத் தேதி முடியட்டும், அதன்பின் இரண்டு வேலை நாள் விடுங்கள். தேதி சொல்லவில்லை என்றால் முதல் மெயிலிலிருந்து ஐந்து முதல் ஏழு வேலை நாள். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை எல்லாம் கணக்கில் வராது. செவ்வாயன்று நேர்காணல் முடித்துவிட்டு அடுத்த திங்களன்று "ஒரு வாரம் ஆகிவிட்டது" என்று பதறுவார்கள். எண்ணிப் பார்த்தால் நடுவில் போனது மூன்றே வேலை நாள். நிதியாண்டு முடிவு, ஆண்டு இறுதி விடுமுறை போன்ற சமயங்களில் இன்னும் இரண்டு மூன்று நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி மாலை அனுப்பும் மெயில் திங்கள் காலை வரும் குவியலுக்கு அடியில் போய்விடும். செவ்வாய் முதல் வியாழன் வரை, காலை நேரம், அவ்வளவுதான். இதில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை.

இரண்டாவது மெயில்: ஒரே கேள்வி

நேர்காணலுக்கு நேரம் குறித்து அனுப்பியவர் யாரோ அவருக்கே எழுதுங்கள், அதுவும் முன்பு நடந்த மெயில் உரையாடலிலேயே பதிலாக. அப்படிச் செய்தால் உங்கள் பெயர், பணியின் பெயர், நேர்காணல் தேதி எல்லாம் கீழேயே இருக்கும், அவர் தேட வேண்டியதில்லை. நேர்காணல் எடுத்த மூவரையும் ஹெச்.ஆரையும் சேர்த்து ஒரே மெயில் போடாதீர்கள். நான்கு பேருக்குப் போன மெயிலுக்கு, மற்றவர் பதில் சொல்லியிருப்பார் என்று நான்கு பேருமே விட்டுவிடுவார்கள்.

பலரும் எழுதுவது "ஏதாவது அப்டேட் உண்டா?" என்று. இதற்குப் பதில் வராமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. ஒப்புதல் இன்னும் வரவில்லை என்றால் இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் "இல்லை". வெறுமனே இல்லை என்று எழுத யாருக்கும் சங்கடம், அதனால் செய்தி வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பார்கள். கேள்வியைச் சற்று மாற்றினால் செய்தி இல்லாதபோதும் பதில் சொல்ல முடியும்:

> வணக்கம். 3ஆம் தேதி நடந்த கணக்குப் பிரிவுப் பணிக்கான நேர்காணல் தொடர்பாக எழுதுகிறேன். 11ஆம் தேதிக்குள் தெரியவரும் என்று சொல்லியிருந்தீர்கள். தேர்வு இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அடுத்து எந்தத் தேதியளவில் நான் எதிர்பார்க்கலாம் என்று ஒரு வரி எழுதினால் என் பக்கத் திட்டமிடலுக்கு உதவும். பணியில் என் ஆர்வம் அப்படியே இருக்கிறது.

இதற்கு "ஒப்புதலுக்குப் போயிருக்கிறது, அடுத்த வாரம்" என்று நான்கே சொல்லில் பதில் எழுதிவிடலாம். அதற்காகத்தான் கேள்வியை இப்படி அமைக்கிறோம்.

"நான்தான் சரியான ஆள் என்று மேலாளர் சொன்னாரே" என்று மட்டும் இந்த மெயிலில் எழுதிவிடாதீர்கள். தன் கையில் முடிவு இல்லாத ஒரு விஷயத்தில் அந்த மேலாளர் வாக்கு கொடுத்துவிட்டதாக அவருடைய அலுவலகத்துக்குள் அது போகும். அடுத்த முறை உங்களிடம் மனம்விட்டுப் பேச அவரே தயங்குவார்.

ஒருவரின் கணக்கு, நாள் நாளாக

மேலே உள்ள மெயில்களின் தேதிகளை வைத்தே ஒரு எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம். நேர்காணல் 3ஆம் தேதி செவ்வாய். நன்றி மெயில் 4ஆம் தேதி. ஹெச்.ஆர். சொன்ன தேதி 11, புதன். இரண்டு வேலை நாள் விட்டால் 13, வெள்ளி. வெள்ளியையும் திங்களையும் தவிர்த்து 17ஆம் தேதி செவ்வாய் காலை பதினொரு மணிக்கு இரண்டாவது மெயில் போகிறது. 18ஆம் தேதி பதில்: "மேலிடத்து ஒப்புதலுக்குக் காத்திருக்கிறோம், இந்த வாரத்துக்குள் சொல்கிறோம்."

இது நல்ல பதில். கட்டத்தின் பெயர் இருக்கிறது, தேதியும் இருக்கிறது. "நன்றி, வெள்ளிவரை காத்திருக்கிறேன்" என்று ஒரு வரி எழுதினால் போதும். வெள்ளி 20ஆம் தேதியும் கடந்துபோகிறது. மீண்டும் இரண்டு வேலை நாள் விட்டு 24ஆம் தேதி செவ்வாயன்று மூன்றாவது மெயில், முன்னதைவிடச் சிறியதாக: "ஒப்புதல் சென்ற வாரத்துக்குள் வரும் என்று சொல்லியிருந்தீர்கள். தேதி மாறியிருந்தால் புதிய தேதியைச் சொல்ல முடியுமா?" இதற்குப் பதில் இல்லை.

26ஆம் தேதி வியாழன், காலை பத்தரை மணிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. பேச வேண்டியது அரை நிமிடம்: பெயர், பணி, நேர்காணல் தேதி, "ஒப்புதல் எந்த நிலையில இருக்குன்னு தெரிஞ்சுக்கலாம்னு கூப்பிட்டேன், இப்ப பேச வசதியா இருக்குமா?" எதிர்முனையில் ஹெச்.ஆர். சொல்கிறார்: நீங்கள் கேட்ட தொகை வரம்பைத் தாண்டுவதால் தனி ஒப்புதல் தேவை, கையெழுத்திட வேண்டியவர் விடுப்பில் இருக்கிறார், அடுத்த மாதம் 2ஆம் தேதி திரும்புகிறார். இவ்வளவும் மெயிலில் வந்திருக்காது. எழுத்தில் சொல்லத் தயங்கும் விஷயங்களைத் தொலைபேசியில் சொல்வார்கள், அதனால்தான் இரண்டு மெயிலுக்குப் பிறகு ஓர் அழைப்பு. வைத்ததும், "பேசியதற்கு நன்றி, 2ஆம் தேதிக்குப் பிறகு தெரியவரும் என்று குறித்துக்கொண்டேன்" என்று ஒரு மெயில் அனுப்பிவிட வேண்டும். சம்பள விவரத்தை அதில் எழுத வேண்டாம்.

கேட்ட தொகைதான் தடை என்று தெரிந்ததும் "குறைச்சுக்கிறேன்" என்று அந்த அழைப்பிலேயே சொல்லத் தோன்றும். அவர்கள் கேட்காதபோது நீங்களாக இறங்க வேண்டியதில்லை. தனி ஒப்புதலுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்றாலே உங்களுக்காக உள்ளே ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

வாயால் ஆஃபர் வந்துவிட்டால்

2ஆம் தேதி வியாழன் மாலை ஹெச்.ஆர். அழைத்து, "அப்ரூவல் வந்துருச்சு, நீங்க கேட்டதைவிடக் கொஞ்சம் குறைவா வருது, பரவாயில்லையா? லெட்டர் ரெண்டு நாள்ல வரும்" என்கிறார். தவறு அதிகம் நடக்கும் கட்டம் இதுதான். மகிழ்ச்சியில் "சரி" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையிலேயே பழைய வேலையை ராஜினாமா செய்துவிடுவார்கள்.

செய்ய வேண்டியது ஒரு தொகுப்பு மெயில், அழைப்பு முடிந்த ஒரு மணி நேரத்துக்குள்:

> இன்று தொலைபேசியில் பேசியதற்கு நன்றி. நான் புரிந்துகொண்டதை உறுதிசெய்துகொள்வதற்காக எழுதுகிறேன். பணி: கணக்குப் பிரிவு, முதுநிலைக் கணக்கர். சம்பளம்: நீங்கள் சொன்ன ஆண்டு மொத்தத் தொகை, பிடித்தங்களுக்கு முன். சேரும் நாள்: நியமனக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து 30 நாள், ஏனெனில் தற்போதைய நிறுவனத்தில் என் நோட்டீஸ் பீரியட் 30 நாள். இதில் ஏதேனும் மாறுபட்டிருந்தால் திருத்துங்கள். கடிதம் வந்ததும் பதில் அனுப்புகிறேன்.

உங்கள் மெயிலில் "நீங்கள் சொன்ன தொகை" என்ற இடத்தில் எண்ணையே எழுதுங்கள். மாதத்துக்கா ஆண்டுக்கா, பிடித்தத்துக்கு முன்னா பின்னா, ஊக்கத்தொகை அதில் அடக்கமா என்பதும் தெளிவாக இருக்கட்டும். தொலைபேசியில் கேட்ட எண்ணும் கடிதத்தில் வரும் எண்ணும் மாறுபடுவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றால்தான்.

இப்படி எழுதிவிட்டால் அவர்கள் திருத்தம் சொன்னால் அது எழுத்தில் வரும். "சரிதான்" என்று பதில் வந்தாலும் அதுவும் எழுத்தில் இருக்கும். கடிதம் தயாரிப்பவரிடம் இந்த மெயிலையே ஹெச்.ஆர். அனுப்பிவிடுவதும் உண்டு, அதனால் பிழையும் குறையும். இருந்தாலும் இது கடிதத்துக்கு ஈடு அல்ல. வாய்மொழி வாக்கு எந்த அளவுக்குச் செல்லும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். செல்லும் என்று சட்டம் இருக்கிற இடத்திலும் அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

சேரும் நாளைக் காலண்டர் தேதியாகச் சொல்லாமல் 'கடிதம் வந்ததிலிருந்து இத்தனை நாள்' என்று சொல்வதில் பெரிய வசதி இருக்கிறது. அடுத்த மாதம் 1ஆம் தேதி சேர்கிறேன் என்று வாக்கு கொடுத்துவிட்டு, கடிதம் எட்டு நாள் தள்ளி வந்தால், அந்த எட்டு நாளும் உங்கள் தலையில் விழும். அதைச் சரிக்கட்ட, கடிதம் இல்லாமலே ராஜினாமா செய்யும் நெருக்கடி வரும். நாள் கணக்காகச் சொல்லியிருந்தால் தாமதம் அவர்கள் பக்கமே நிற்கும், கடிதத்தை விரைவாக அனுப்பவும் அவர்களுக்கு ஒரு காரணம் இருக்கும்.

கடிதத்துக்குப் பதில் "பதிவுக் கட்டணம்", "பயிற்சி முன்பணம்" என்று பணம் கேட்டு மெயில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது தாமதமான ஆஃபர் அல்ல, மோசடி.

பதில்களை எப்படிப் படிப்பது?

கட்டமும் தேதியும் இருந்தால் கோப்பு நகர்கிறது. கட்டம் மட்டும் இருந்து தேதி இல்லாவிட்டால் ஐந்து வேலை நாள் கழித்து ஒருமுறை கேட்கலாம். இரண்டுமே இல்லாமல் வெறும் நல்ல வார்த்தை மட்டும் இரண்டு முறை தொடர்ந்து வந்தால் நீங்கள் காத்திருப்புப் பட்டியலில் இருப்பதாக வைத்துக்கொண்டு வேறு விண்ணப்பங்களில் கவனத்தைத் திருப்புங்கள். "பணியிடம் ஹோல்டில் இருக்கிறது" என்றால் அது பெரும்பாலும் உங்களைப் பற்றிய முடிவு அல்ல, அந்த இடத்துக்கான பணத்தைப் பற்றியது. எப்போது மறுபரிசீலனை என்று மட்டும் கேட்டுவிட்டு விலகிவிடலாம்.

அதே வேலைக்கான விளம்பரம் இணையத்தில் மீண்டும் வந்திருப்பதைப் பார்த்துத் துவண்டுவிடாதீர்கள். தேர்வானவர் வேலையில் சேரும்வரை விளம்பரத்தை எடுக்காத நிறுவனங்கள் பல. சில தளங்களில் அது தானாகவே புதுப்பிக்கப்படும்.

கையில் இன்னொரு ஆஃபர் இருந்தால்

இதை மறைக்க வேண்டியதில்லை, மிரட்டலாக்கவும் வேண்டியதில்லை. "வேறொரு நிறுவனத்திடமிருந்து எழுத்துபூர்வ ஆஃபர் வந்திருக்கிறது, 19ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். உங்கள் பணியில்தான் எனக்கு விருப்பம் அதிகம். அதற்குள் உங்கள் முடிவு தெரிய வாய்ப்பு உண்டா?" என்று கேளுங்கள். அந்தத் தேதிக்கு மூன்று நான்கு வேலை நாள் முன்னதாக அனுப்ப வேண்டும். முந்தின நாள் மாலை அனுப்பினால், உள்ளே ஒப்புதலைத் துரிதப்படுத்த நினைப்பவருக்கும் நேரம் இருக்காது. ஆஃபர் வந்திருக்கும் நிறுவனத்திடமும் சில நாள் அவகாசம் கேட்கலாம். பலர் தருவார்கள்.

இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொன்னால் வரக்கூடிய பதில் "வாழ்த்துகள், அதையே எடுத்துக்கொள்ளுங்கள்". அதன்பின் திரும்பிப் போக வழி இருக்காது. எழுத்தில் உள்ள ஆஃபர் ஒருபக்கம், வாயால் வந்த பாராட்டு மறுபக்கம் என்று நிற்கும்போது, கடைசித் தேதிவரை இரண்டாமவர் தேதி எதுவும் சொல்லவில்லை என்றால், எழுத்தில் உள்ளதை எடுங்கள்.

எப்போது நிறுத்துவது?

பதில் வராத இரண்டு மெயில், எடுக்கப்படாத ஓர் அழைப்பு. அதன்பின் ஒரு வாரம் கழித்து ஒரு கடைசி மெயில்: "பதில் வராததால் இப்போதைக்கு வேறு வாய்ப்புகளைத் தொடர்கிறேன். இந்தப் பணியோ இதுபோன்ற வேறொன்றோ முன்னேறினால் தெரிவியுங்கள், பேச ஆர்வமாக இருக்கிறேன்." குறை சொல்லும் சொல் ஒன்றும் இதில் வேண்டாம். இதற்குமேல் அனுப்பினால் பயன் இல்லை.

நேர்காணல் எடுத்த மேலாளருக்கு நேரடியாக எழுதலாமா என்று கேட்பார்கள். அவரே தன் மெயில் முகவரியைக் கொடுத்து "ஏதாவது இருந்தா எழுதுங்க" என்று சொல்லியிருந்தால் எழுதலாம். அல்லது ஹெச்.ஆர். இரண்டு முறை பதில் தராதபோது ஒரே ஒரு முறை எழுதலாம். இரவில் வாட்ஸ்அப், சமூக வலைத்தளத்தில் தனிச்செய்தி இரண்டும் வேண்டாம்.

கடிதம் வந்த நாளில்

நம் எடுத்துக்காட்டில் கடிதம் 7ஆம் தேதி செவ்வாயன்று வருகிறது. சொன்ன இரண்டு நாள், மூன்று வேலை நாளாகிவிட்டது. திறந்ததும் தொகுப்பு மெயிலைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட வேண்டும். சம்பளம் சரியாக இருக்கிறது. பணிப்பெயரில் 'முதுநிலை' இல்லை. சேரும் நாள் அடுத்த மாதம் 1 என்று போட்டிருக்கிறது, அதாவது நோட்டீஸ் பீரியடுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் குறைகிறது. பேக்ரவுண்ட் செக் முடிந்தால்தான் நியமனம் செல்லும் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி.

அன்றே ஒரு பதில்: "கடிதத்துக்கு நன்றி. பணிப்பெயரும் சேரும் நாளும் 2ஆம் தேதி பேசியதிலிருந்து மாறுபட்டிருக்கின்றன, அந்த மெயிலை இணைத்திருக்கிறேன். திருத்திய கடிதம் கிடைத்ததும் கையெழுத்திட்டு அனுப்புகிறேன். பேக்ரவுண்ட் செக் எப்போது முடியும் என்றும் சொல்லுங்கள்." 9ஆம் தேதி திருத்திய கடிதம் வருகிறது, கையெழுத்திட்டு அனுப்பியாகிறது. பேக்ரவுண்ட் செக் முடிந்துவிட்டதாக 14ஆம் தேதி மெயில் வருகிறது. 30 நாளை மறுநாளிலிருந்து எண்ணும்படி சேரும் நாளை மாற்றக் கேட்டு, ஹெச்.ஆரின் ஒப்புதலை வேலை தேடுபவர் மெயிலில் உறுதிசெய்துகொள்கிறார். பழைய அலுவலகத்தில் ராஜினாமாக் கடிதம் தரும் நாள் 15.